‘முடிஞ்சா வாங்க கா’: ஒரு கல்யாண அழைப்பை வாசித்தல்

கல்யாணப் பத்திரிகை ஒரு இலக்கிய வகை என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் வகைக்குரிய எல்லா இலட்சணமும் அதற்கு உண்டு. தொடக்கம், முடிவு, நடுவில் வரும் சொற்கள் எல்லாம் முன்பே தீர்மானமானவை. ‘சுற்றமும் நட்பும் சூழ’ வரச் சொல்லாத பத்திரிகையைப் பார்ப்பது அரிது. யாருக்குக் கொடுத்தாலும் அச்சில் இருப்பது ஒன்றுதான். அதனால் அச்சடித்த பத்திரிகையை வைத்து, நம்மை உண்மையிலேயே கூப்பிடுகிறார்களா என்று யாரும் கண்டுபிடிக்க முயல்வதில்லை. அதைக் கொடுக்கும் விதத்தில்தான் கண்டுபிடிப்பார்கள். வீட்டுக்கு வந்தார்களா, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தார்களா, அப்பா அம்மா இருவரும் வந்தார்களா, வாசலிலேயே நீட்டிவிட்டுப் போனார்களா, உறையின் மேல் பெயர் எழுதியிருந்ததா. பத்திரிகை வெறும் தாள். அழைப்பு என்பது அந்தத் தட்டு.

வாட்ஸப்பில் தட்டு கிடையாது. படமாக வரும் பத்திரிகையில் நம் பெயர் இருக்காது. 256 பேர் வரை ஒரே தட்டலில் அனுப்பக்கூடிய பிராட்காஸ்ட் லிஸ்டில் வந்த செய்தியும், நமக்கென்றே தட்டச்சு செய்த செய்தியும் நம் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். விருந்தோம்பலைப் பற்றிப் பேசும்போது வள்ளுவர் கவனிக்கச் சொல்வது முகத்தை. முகம் திரிந்தாலே விருந்தினர் வாடிவிடுவார் என்பது அவர் கணக்கு. நமக்கு முகமும் தெரியாது. மிஞ்சுவது சொற்கள், அவை வந்த வரிசை, இடையில் கடந்த நேரம். அதாவது ஒரு பிரதி. பிரதி என்றால் வாசிக்க வேண்டியதுதானே?

வாசிப்பதற்கு ஒரு உரையாடலை எடுத்துக்கொள்வோம். இது யாருடைய போனிலிருந்தும் எடுத்ததல்ல, நான் உருவாக்கியது. ஆனால் இதன் வரிகளை நீங்கள் உங்கள் போனிலும் பார்த்திருப்பீர்கள். இருவரும் நான்கு வருடங்களுக்கு முன் சென்னையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு விடுதியில் ஏழு மாதம் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தவர்கள். இளையவள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். மூத்தவள் இன்னும் சென்னையில். நடுவில் பிறந்தநாள் வாழ்த்து தவிர பேச்சு இல்லை. மூத்தவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அது இளையவளுக்கும் தெரியும். முகூர்த்தத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

செவ்வாய், மதியம் 1.10

1. அவள்: அக்கா எப்படி இருக்கீங்க?

மதியம் 1.50

2. அக்கா: ஏய்! நல்லா இருக்கேன் மா. எவ்ளோ நாளாச்சு! நீ எப்படி இருக்க?

3. அவள்: நல்லா இருக்கேன் கா. எனக்கு கல்யாணம் கா, அடுத்த மாசம்

4. அவள்: (பத்திரிகையின் படம்)

5. அவள்: கண்டிப்பா வந்துடுங்க கா, ஃபேமிலியோட

6. அக்கா: வாவ், ரொம்ப சந்தோஷம் மா! வாழ்த்துகள்! எங்க?

7. அவள்: திருநெல்வேலில கா. மண்டபம் கார்டுல இருக்கு பாருங்க

8. அக்கா: ஓ, ஞாயித்துக்கிழமை. வர ட்ரை பண்றேன் மா. லீவு கிடைக்குமான்னு தெரியல

9. அவள்: பரவால்ல கா, தூரம் வேற. முடிஞ்சா வாங்க

இரவு 9.40

10. அவள்: அக்கா, வர்றதா இருந்தா சனிக்கிழமை நைட்டே வந்துடுங்க. முகூர்த்தம் காலைல ஆறுல இருந்து ஏழரை. ஸ்டேஷன்ல இருந்து மண்டபம் ஆட்டோல பத்து நிமிஷம்தான். என் சித்தி பொண்ணுகூட ரூம்ல தங்கிக்கலாம்

11. அவள்: நம்ம ஹாஸ்டல்ல இருந்து யாருமே வரல போல

12. அக்கா: ஐயோ, அப்படியா

13. அவள்: அதான் கேட்டேன். கட்டாயம்லாம் இல்ல கா

முதலில் ஒன்பது வரிகளை மட்டும் படியுங்கள். மதியத்தோடு உரையாடல் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது எந்த வகை அழைப்பு?

இதற்குக் கையில் ஒரு கருவி இருக்கிறது. எல்லன் ஐசக்ஸ், ஹெர்பர்ட் கிளார்க் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1990இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அழைப்பு போலத் தோன்றி, ஆனால் வரவேண்டும் என்று எதிர்பார்க்காத அழைப்புகளைப் பற்றியது. இவை பொய் அல்ல என்பதுதான் அவர்கள் சொன்னதில் முக்கியமானது. பொய்யில் ஒருவர் ஏமாற்றுவார், ஒருவர் ஏமாறுவார். இங்கே இருவருக்கும் விஷயம் தெரியும். ‘வீட்டுப் பக்கம் வாங்களேன்’ என்கிறவரும், ‘கண்டிப்பா ஒரு நாள் வரேன்’ என்கிறவரும் சேர்ந்தே அந்த நாடகத்தை நடத்துகிறார்கள். அப்படி நடத்துவதன் வழியாக ‘உன்னை மதிக்கிறேன்’ என்ற வேறொரு செய்தி கை மாறுகிறது.

இந்த ஒப்புக்கான அழைப்பை எப்படி அடையாளம் காண்பது என்றும் அவர்கள் சொல்கிறார்கள். வரமுடியாத சூழல் தெரிந்தே கூப்பிடுவது, ஏன் வரவேண்டும் என்று காரணம் சொல்லாமல் விடுவது, மறுத்தால் வற்புறுத்தாமல் விடுவது, எப்போது எங்கே என்பதைத் தெளிவில்லாமல் வைப்பது, ‘முடிஞ்சா’ போன்ற சொல்லால் அழைப்பைத் தளர்த்துவது. இன்னும் ஓரிரண்டு உண்டு, நமக்கு இவை போதும்.

இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் முதல் ஒன்பது வரி பாடப்புத்தக உதாரணம் மாதிரி இருக்கிறது. ஐந்தாம் வரியின் ‘ஃபேமிலியோட’வைப் பாருங்கள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று அவளுக்குத் தெரியும். விடுதியில் இருந்தவளின் அப்பா அம்மாவை அவள் பார்த்தே இருக்கமாட்டாள். அப்படியிருக்க அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அன்று காலையிலிருந்து இருபது பேருக்கு அதே வரியை அனுப்பிய விரலிலிருந்து வந்தது. அது அக்காவுக்காக எழுதிய சொல் அல்ல. ‘கண்டிப்பா’வும் அப்படித்தான். எல்லோருக்கும் கொடுத்துக் கொடுத்துத் தேய்ந்த நாணயம். ‘வாங்க’ என்பதைவிட ‘வந்துடுங்க’வில் அழுத்தம் அதிகம். ‘விடு’ சேரும்போது வருவது முடிந்துபோன காரியம் மாதிரி ஆகிறது. ஆனால் கல்யாண அழைப்பில் ‘வந்துடுங்க’தான் வழக்கமான வடிவம். எல்லோருக்கும் ஒரே அழுத்தம் என்றால் அது யாருக்கும் அழுத்தம் இல்லை.

ஏழாம் வரியில் மண்டபத்தைக் கேட்டால் கார்டைப் பார்க்கச் சொல்கிறாள். ஒன்பதாம் வரியில் அக்கா இன்னும் மறுக்கவே இல்லை, அதற்குள் ‘தூரம் வேற’ என்று அக்கா சொல்லவேண்டிய காரணத்தையும் அவளே எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். வற்புறுத்தல் இல்லை. தளர்த்தல் இருக்கிறது. தீர்ப்பு: மரியாதைக்கு.

கொஞ்சம் பொறுங்கள். வாசகர்களான நாம் அழைத்தவளை மட்டும்தான் இதுவரை விசாரித்தோம். எட்டாம் வரியை யார் விசாரிப்பது?

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. ‘லீவு கிடைக்குமான்னு தெரியல’ என்கிறாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமைக்கு எதற்கு லீவு? சனி மதியம் சென்னையில் வந்தே பாரத்தில் ஏறினால் இரவு நெல்லையில் இறங்கலாம், ஞாயிறு இரவு ரயிலில் ஏறினால் திங்கள் காலை எழும்பூர். சனிக்கிழமையும் வேலை இருக்கும் அலுவலகமாக இருந்தால்கூட அரைநாள்தான் விஷயம். நெல்லைக்காரப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு ஒரு நொடியில் புரியும். ‘வர ட்ரை பண்றேன்’ என்பது தமிழில் எந்த அளவுக்கு ‘வரமாட்டேன்’ என்பதும் அவளுக்குத் தெரியும். அப்படியானால் ஒன்பதாம் வரி, அழைப்பை அவளாகத் தளர்த்தியது அல்ல. எட்டாம் வரிக்கான பதில். அக்கா கதவைப் பாதி சாத்தினாள், சத்தம் கேட்காமல் இருக்க இவள் மீதியைச் சாத்திக் கொடுத்தாள்.

இதனால்தான் அடையாளப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு வாசிக்க முடியாது என்கிறேன். ‘முடிஞ்சா வாங்க’ என்ற சொற்றொடருக்குத் தனியாகப் பொருள் இல்லை. அது எந்த வரிக்குப் பின் வருகிறது என்பதில்தான் இருக்கிறது. முதல் அழைப்பிலேயே ‘முடிஞ்சா வாங்க’ என்று வந்தால் அழைப்பவர் தனக்கு இடம் விட்டுக்கொள்கிறார். தயக்கத்துக்குப் பதிலாக வந்தால் உங்களுக்கு இடம் விடுகிறார். சொல் ஒன்றுதான், செயல் வேறு.

பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் மரியாதையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வு முதலில் 1978இல் வந்தது, 1987இல் தனி நூலானது. அவர்கள் உதாரணம் எடுத்த மூன்று மொழிகளில் ஒன்று தமிழ், கோவை மாவட்டப் பேச்சு. மற்ற இரண்டு ஆங்கிலமும், மெக்ஸிகோவின் மாயன் மொழிகளில் ஒன்றான செல்தாலும். எதைக் கேட்டாலும், எதற்கு அழைத்தாலும் அது எதிராளியின் சுதந்திரத்தின்மேல் கொஞ்சம் அழுத்துகிறது, அதனால் அழுத்தத்தைக் குறைக்கும் சொற்களைச் சேர்க்கிறோம் என்பது அவர்கள் வாதத்தின் ஒரு பகுதி. கேட்பது பெரிதாக ஆக ஆக, இருவருக்கும் இடையே தூரம் கூடக் கூட, அந்தச் சொற்களும் கூடும். இதை நம் உரையாடலுக்குப் பொருத்தினால் ஒரு விசித்திரம் தெரியும். தூரத்து அறிமுகத்தை உண்மையாக அழைப்பவர்தான் அதிகம் தயங்குவார். ஒப்புக்கு அழைப்பவருக்குத் தயங்கக் காரணமே இல்லை. கேட்பது எதுவுமில்லையே! ‘கண்டிப்பா வந்தே ஆகணும், இல்லன்னா பேசமாட்டேன்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

இப்போது இரவு 9.40க்கு வாருங்கள். உரையாடல் மதியமே முடிந்துவிட்டது. கடமை தீர்ந்தது. அவள் மறுபடி எழுதவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. எட்டு மணி நேரம் கழித்து எழுதுகிறாள் என்பதே முதல் சாட்சி. ஒப்புக்கான அழைப்பு ஒருபோதும் தானாகத் திரும்பி வராது.

இரண்டாவது சாட்சி பத்தாம் வரியின் உள்ளடக்கம். மதியம் கார்டைப் பார்க்கச் சொன்னவள் இப்போது நேரம், தூரம், ஆட்டோ, படுக்குமிடம் எல்லாம் சொல்கிறாள். சனிக்கிழமை இரவே ஏன் வரவேண்டும்? சென்னையிலிருந்து சனி இரவு ரயிலில் ஏறினால் ஆறு மணி முகூர்த்தம் கைநழுவிவிடும். இந்தக் கணக்கை அவள் போட்டிருக்கிறாள். ‘சித்தி பொண்ணுகூட ரூம்’ என்றால் அந்த ரூமில் யார் யார் படுப்பது என்று மனதுக்குள் ஒரு இடம் ஒதுக்கியும் இருக்கிறாள். ‘ஃபேமிலியோட’ காணாமல் போய்விட்டது, கவனித்தீர்களா? இது ஒரே ஒரு ஆளுக்கு எழுதிய வரி. இருபது பேருக்கு அனுப்ப முடியாத வரி.

மூன்றாவது சாட்சி பதினோராம் வரி, ‘நம்ம ஹாஸ்டல்’. மூன்றாம் வரியில் ‘எனக்கு கல்யாணம்’ என்றாள். அது அறிவிப்பு. இங்கே ‘நம்ம’ வந்துவிட்டது. அழைப்பவரும் கேட்பவரும் சேர்ந்த ‘நாம்’, கேட்பவரை விட்டுவிடும் ‘நாங்கள்’ என்று இரண்டு பன்மை வைத்திருக்கும் மொழி நம்முடையது. நான்கு வருடம் பேசாதவளை ஒரு சொல்லால் உள்ளே இழுத்துக்கொள்கிறாள். அதோடு, ஐசக்ஸும் கிளார்க்கும் உண்மை அழைப்பில் எதிர்பார்த்த அந்தக் காரணமும் இப்போதுதான் வருகிறது. ஏன் அக்கா வரவேண்டும்? ஏனென்றால் வேறு யாரும் வரவில்லை.

மண்டபத்துக் கல்யாணம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த வரியின் கனம் புரியும். அறுநூறு பேர் சாப்பிட்டுப் போவார்கள். அதில் பெரும்பாலானோர் அப்பாவின் பழக்கம், அம்மாவின் சொந்தம், மொய் நோட்டில் பழைய கணக்கு இருக்கிறவர்கள். அவர்களுக்கு மணப்பெண் இன்னாரின் மகள், அவ்வளவுதான். அவளுக்காக மட்டும் வந்தவர்கள், அவள் தனியாகச் சம்பாதித்து, தனியாக வாழ்ந்த அந்த நாட்களை அறிந்தவர்கள், மேடையிலிருந்து பார்த்தால் எத்தனை பேர் தெரிவார்கள்? மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரு வேன் பிடித்து வந்து கும்பலாக நிற்கும்போது தன் பக்கம் ஒரே ஒரு முகமாவது இருக்கவேண்டும் என்று தோன்றுவது சின்ன ஆசை இல்லை. அந்த முகம் நெருங்கிய தோழியாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்து அறை அக்காவே போதும்.

பதின்மூன்றாம் வரி மறுபடி தளர்த்துகிறது. ‘கட்டாயம்லாம் இல்ல கா.’ பட்டியலைப் பிடித்துக்கொண்டு வாசிப்பவர் இங்கே ‘பார்த்தீர்களா, ஒப்புக்குத்தான்’ என்பார். ஆனால் பன்னிரண்டாம் வரியைப் பாருங்கள். தன் மனதைத் திறந்து காட்டியதற்கு அவளுக்குக் கிடைத்தது ‘ஐயோ, அப்படியா’. வருகிறேன் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. கேட்டுவிட்டோமே என்ற கூச்சத்தில் அவள் தன்னை மூடிக்கொள்கிறாள். ஒன்பதாம் வரியில் தளர்த்தியது அக்காவைக் காப்பாற்ற. பதின்மூன்றில் தளர்த்துவது தன்னைக் காப்பாற்ற.

ஒரு வரியை மாற்றிப் பார்ப்பது விமர்சகர்களின் பழைய தந்திரம். பத்தாம் வரியை எடுத்துவிட்டு மற்றதை வையுங்கள். ‘யாருமே வரல போல’ என்பது வருத்தப் பகிர்வாக மட்டும் நின்றுவிடும், அழைப்பா என்பது சந்தேகம். பதினோராம் வரியை எடுத்துவிட்டுப் பத்தை மட்டும் வையுங்கள். பொறுப்பான அழைப்பு, ஆனால் வராவிட்டால் பெரிய குறை இல்லை. இரண்டும் சேரும்போதுதான் மறுக்கக் கனமான அழைப்பு ஆகிறது. ஏற்பாடும் காரணமும்: இந்த இரண்டும் எங்கே சேர்ந்து வருகிறதோ அங்கே மற்ற அடையாளங்களை நான் பின்னால் தள்ளிவிடுவேன்.

ஏற்பாடும் இல்லை, காரணமும் இல்லை, உரையாடல் ஒன்பதாம் வரியோடு நின்றுவிட்டது என்றால்? அப்போது ஒரு சோதனை இருக்கிறது. ‘நிஜமாத்தான் கூப்பிடறியா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஒப்புக்கு அழைத்தவரால் அந்தக் கேள்விக்கு உண்மையாக ஆம் என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது என்பது அந்த 1990 கட்டுரையிலேயே இருக்கிறது. அதற்குப் பதிலாக ஏற்பாட்டைப் பற்றிச் சின்னக் கேள்வி கேளுங்கள். ‘முந்தின நாள் வந்தா மண்டபத்துலயே தங்கலாமா மா?’ உண்மையாக அழைத்தவர் பதில் சொல்வார், அல்லது யாரோ ஒருவருடைய நம்பரைத் தருவார். மற்றவர் ‘சொல்றேன் கா’ என்பார், சொல்லமாட்டார். ஒரே நிபந்தனை: பதில் ஆம் என்றால் போகும் எண்ணம் உங்களுக்கு இருக்கவேண்டும். வெறும் ஆர்வத்துக்குக் கேட்டால் நீங்கள்தான் இப்போது ஒப்புக்குப் பேசுகிறவர்.

இந்த வாசிப்புக்கு எல்லைகளும் உண்டு. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன் கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. அந்த வாரம் மணப்பெண்ணின் போன் அவள் கையிலேயே இருக்காது. அழைப்பு வந்த நேரமும் பார்க்கவேண்டியது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன் திறக்கிறது. ஐந்து வாரம் முன் வந்த அழைப்பில் டிக்கெட் எடுக்க வழி இருக்கிறது, ஐந்து நாள் முன் வந்ததில் அநேகமாக இல்லை. ஆனால் தாமதமாக வந்ததற்கு, கூப்பிடலாமா வேண்டாமா என்று அவர் அத்தனை நாள் யோசித்ததும் காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. உண்மை, ஒப்பு என்ற இரண்டு பெட்டிக்குள் நம் ஊர்க் கல்யாணம் முழுசாக அடங்காது. நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது: வந்தால் சந்தோஷம், வராவிட்டால் குறையில்லை. அறுநூறு இலை போடும் இடத்தில் அறுநூற்று ஒன்றாவது இலை யாருக்கும் பாரமில்லை. ஒப்புக்கு அழைத்தவர் கல்யாணத்துக்கு நீங்கள் போய் நின்றால்கூட ‘அட, வந்துட்டீங்களா!’ என்ற ஒரு நொடி வியப்புக்குப் பின் பந்திக்கு அழைத்துப் போய் உட்கார வைத்துவிடுவார்கள். தவறாக வாசித்ததன் விலை அவ்வளவுதான். உண்மை அழைப்பை ஒப்பு என்று வாசித்துவிட்டால் விலை வேறு, அதைக் கொடுப்பவரும் வேறு ஆள். ஆகவே மண்டபக் கல்யாணத்தில் சந்தேகம் வந்தால் உண்மை என்ற பக்கம் சாய்வதே சரி. ஹோட்டலில் தட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் பண்ணி ஐம்பது பேரைக் கூப்பிடும் கல்யாணத்துக்கு இது பொருந்தாது. அங்கே எண்ணித்தான் அழைப்பார்கள், தெளிவாகக் கேட்பதிலும் தப்பில்லை.

நம் உரையாடலில் இன்னும் எழுதப்படாத பதினான்காம் வரி இருக்கிறது. அதை எழுதவேண்டியது அக்கா. ஒப்புக்கான அழைப்புக்கு ‘ட்ரை பண்றேன்’ பொருத்தமான பதில். நாடகம் இரண்டு பக்கமும் அழகாக முடியும். இந்த அழைப்புக்கு அது பொருந்தாது. ரூமில் ஒரு இடத்தை மனதில் வைத்துக்கொண்டு அவள் சனிக்கிழமை இரவு வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போகமுடியும் என்றால் டிக்கெட் எடுத்துவிட்டு ரயிலின் பெயரைச் சொல்லவேண்டும். முடியாது என்றால் ‘வர முடியாது மா’ என்று இன்றைக்கே சொல்லிவிடவேண்டும், சொல்லிவிட்டு ஒரு போன் பண்ணவேண்டும். அவள் வேறு யாரையாவது கேட்டுப் பார்க்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.